ஜெல்லில் பேண்ட் வந்துவிட்டது, சுருக்கத்தில் என்ன எழுதுவது?

என் முதல் போஸ்டர் முன்னால் வந்து நின்ற பெரியவர் ஒருவர் ஜெல் படத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல ஐ.ஆர். 29 எந்த லேன்ல இருக்கு தம்பி?" எந்த லேனிலும் இல்லை. உப்பைத் தாங்கும் பொக்காளி நெல்லை மட்டும் ஓட்டிவிட்டு, அதே உயரத்தில் பேண்ட் வந்த நெல் வகைகளையெல்லாம் எண்ணி, "12 வகைகளில் சால்ட்டால் மரபணு உள்ளது" என்று எழுதியிருந்தேன். அந்த வரி கருத்தரங்கு மலரிலும் அச்சாகிவிட்டது. உப்பைத் தாங்காத ஐ.ஆர். 29-ஐயும் பக்கத்தில் ஓட்டியிருந்தால், அந்த மார்க்கர் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்றாவது தெரிந்திருக்கும். பிரித்துக் காட்டாத மார்க்கர் என்றால் என் 12 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

நெல் வகைகளில் உப்புத் தாங்கும் மரபணுவை மூலக்கூறு மார்க்கர் கொண்டு தேடி, முதன்முறையாகப் போஸ்டர் சுருக்கம் எழுத உட்காரும் எம்.எஸ்சி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். டி.என்.ஏ. எடுப்பது, பிசிஆர் வைப்பது எல்லாம் உங்களுக்கு லேபில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஜெல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

முதலில், எதைத் தேடினீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேரளத்துக் கடலோரத்தில், எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் உப்பு நீர் ஏறி இறங்கும் வயல்களில் மழைக்காலத்தில் விளைவது பொக்காளி நெல். மழை உப்பைக் கழுவியதும் விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறால் வளரும். இந்தப் பொக்காளியை உப்புத் தாங்காத ஐ.ஆர். 29 உடன் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலப்புச் செய்து, அதன் சந்ததிகளை ஆராய்ந்தபோது, முதலாம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு பகுதி நாற்றுப் பருவத்து உப்புத் தாங்கலோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. அந்தப் பகுதிக்கு வைத்த பெயர்தான் சால்ட்டால். அந்தக் கலப்பிலிருந்து வந்த எஃப்.எல். 478 என்ற வரிசையை இன்றும் சால்ட்டாலுக்கான ஒப்பீட்டு வகையாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, சால்ட்டால் ஒரு மரபணு அன்று. பல மரபணுக்கள் அடங்கிய ஒரு பகுதி. வேறொரு நாட்டு வகையான நோனா போக்ராவை வைத்து 2005-இல் எஸ்.கே.சி.1 என்ற மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். வேரிலிருந்து மேலேறும் நீர்க்குழாயில் வரும் சோடியத்தை வழியிலேயே இழுத்துக்கொள்ளும் புரதத்தை அது உண்டாக்குகிறது. சோடியம் இலைக்குப் போவது குறையும், பொட்டாசியம் தங்கும். இந்த மரபணு சால்ட்டால் பகுதிக்குள்தான் இருக்கிறது. அதனாலேயே எல்லோரும் "சால்ட்டால் மரபணு" என்று பேசிப் பழகிவிட்டோம். பேச்சில் சொல்லிக்கொள்ளலாம், சுருக்கத்தில் "சால்ட்டால் பகுதி" அல்லது "சால்ட்டால் க்யூ.டி.எல்." என்று எழுதுங்கள்.

நீங்கள் ஓட்டிய ஆர்.எம். 8094, ஆர்.எம். 3412, ஆர்.எம். 10745 போன்றவை அந்த மரபணுவுக்குள் இருப்பவையும் அல்ல. அந்தப் பகுதியில் அங்கங்கே, இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவை. எத்தனை முறை திரும்பி வருகிறது என்பது வகைக்கு வகை மாறும், அதனால் பேண்டின் உயரமும் மாறும். அவ்வளவுதான் ஜெல் காட்டுவது.

பேண்ட், பகுதி, தாங்கல்: மூன்றும் ஒன்றில்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சுருக்கங்களில் நான் பார்க்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றன.

ஒரு நாட்டு வகையில் பொக்காளி உயரத்திலேயே பேண்ட் வந்திருக்கிறது. இதிலிருந்து உறுதியாகத் தெரிவது: அந்த இடத்தில் இரண்டுக்கும் துண்டின் நீளம் ஒன்று, அல்லது உங்கள் ஜெல் பிரித்துக் காட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அந்த வகையில் பொக்காளியின் சால்ட்டால் பகுதி இருக்கிறது என்பது இதற்கு அடுத்த படி. அந்த நாற்று உப்பைத் தாங்கும் என்பது அதற்கும் அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும்.

ஐ.ஆர். 29-க்கும் பொக்காளிக்கும் பிறந்த சந்ததிகளில் இந்தப் படிகளைத் தைரியமாகத் தாண்டலாம். அங்கே ஒரு செடியில் பொக்காளி உயரத்தில் பேண்ட் இருந்தால், அந்தத் துண்டு பொக்காளியிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். வேறு பெற்றோரே கிடையாது. பக்கத்தில் இருக்கும் மரபணுவும் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். ஆனால் நாகப்பட்டினத்துக் குழியடிச்சானுக்கும் கேரளத்துப் பொக்காளிக்கும் நாமறிந்த உறவு எதுவும் இல்லை. இரண்டிலும் துண்டின் நீளம் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஊரில் நாலு பேருக்குக் கே.எஸ். என்று இனிஷியல் இருக்கலாம், அதற்காக அவர்கள் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

தற்செயலைக் குறைக்க ஒரு வழி, அடுத்தடுத்து இருக்கும் மூன்று நான்கு மார்க்கர்களை ஓட்டிப் பார்ப்பது. எல்லாவற்றிலும் பொக்காளி உயரமே வந்தால், அந்த நீளம் முழுவதும் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு கூடும். அப்போதும் "பொக்காளியை ஒத்த மார்க்கர் அமைப்பு" என்றுதான் எழுத முடியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. எஃப்.எல். 478-இல் பொக்காளியிடமிருந்து வந்த துண்டு மிகச் சிறியது; பத்து லட்சம் எழுத்துகளுக்கும் குறைவு, இரண்டு பக்கமும் ஐ.ஆர். 29-இன் துண்டுகள். அதனால் ஓரத்தில் இருக்கும் மார்க்கர் ஒன்றை ஓட்டினால், உப்பைத் தாங்கும் எஃப்.எல். 478-லேயே ஐ.ஆர். 29 உயரத்தில் பேண்ட் வரலாம். முதல்முறை பார்ப்பவர்கள் டி.என்.ஏ. மாறிவிட்டது என்று பயந்து மறுபடி எடுக்கப் போவார்கள். அதனால்தான் பொக்காளி, எஃப்.எல். 478, ஐ.ஆர். 29 மூன்றையும் ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டச் சொல்கிறேன். இந்த மூன்று பெயர்களும் சுருக்கத்தில் இருந்தாலே, படிப்பவருக்கு உங்கள் மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

எழுதும் முன் மதிப்பெண் தாளைச் சுத்தம் செய்யுங்கள்

சுருக்கத்தைக் கணினியில் தட்டத் தொடங்கும் முன், ஜெல் படத்தையும், எந்த வகைக்கு எந்த உயரத்தில் பேண்ட் வந்தது என்று குறித்த மதிப்பெண் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எண் பிழைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

தாளில் "பொக்காளி வகை", "ஐ.ஆர். 29 வகை" என்று இரண்டு பத்தி மட்டும் போட்டிருந்தால், மூன்றாவதாக "வேறு உயரம்" என்று ஒன்று சேருங்கள். ஆர்.எம். 8094-இல் இரண்டுக்கும் சேராத உயரங்கள் நிறைய வரும். அவற்றை எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் தள்ளிவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. அடுத்து "பேண்ட் வரவில்லை" என்று ஒரு பத்தி. பேண்ட் வராத லேனை "மரபணு இல்லை" என்று எண்ணக் கூடாது. டி.என்.ஏ. சரியில்லாமல் போயிருக்கலாம், பிசிஆர் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். அதே டி.என்.ஏ.வில் வேறொரு மார்க்கர் நன்றாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள், அப்போதும் இல்லையென்றால் "பேண்ட் வரவில்லை" என்றே விட்டுவிடுங்கள்.

ஒரே லேனில் இரண்டு பேண்ட் வருவதும் உண்டு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், நிலைப்பட்ட வகையில் பெரும்பாலும் ஒன்றுதான் வர வேண்டும். விவசாயியிடம் வாங்கிய நாட்டு விதை என்றால், பல நாற்றுகளின் இலையைச் சேர்த்து அரைத்து டி.என்.ஏ. எடுத்தீர்களா என்று யோசியுங்கள். அப்படி எடுத்திருந்தால் இரண்டு பேண்ட் என்பது விதைக் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாறு நாற்றுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். நேரமில்லை என்றால், அந்த வகையைக் கணக்கிலிருந்து விலக்கியதைச் சுருக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த ஜெல்லில் ஓட்டினீர்கள் என்பதும் முக்கியம். 3 சதவீத அகரோஸில், நாலைந்து எழுத்து நீளம் வித்தியாசம் உள்ள இரண்டு பேண்டுகளைக் கண்ணால் பிரிப்பது சிரமம். பாலிஅக்ரிலமைடு ஜெல் அதைப் பிரித்துக் காட்டும். 100 எழுத்து இடைவெளி உள்ள ஏணியை ஓட்டிவிட்டு, "பேண்டின் நீளம் 209" என்று எழுதியிருக்கும் சுருக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. "பொக்காளி அளவு" என்று எழுதினால் போதும்.

ஒரு பயிற்சிக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக நானே போட்டவை. உண்மையான வகை எதன் மேலும் பழி விழக் கூடாது என்பதால் வகைகளுக்குப் பெயர் இல்லாமல் எண் மட்டும் கொடுத்திருக்கிறேன்.

20 நாட்டு வகைகள். ஒப்பீட்டுக்குப் பொக்காளி, எஃப்.எல். 478, ஐ.ஆர். 29. மார்க்கர்கள் ஆர்.எம். 8094, ஆர்.எம். 3412, ஆர்.எம். 10745. ஆர்.எம். 8094-இல் 7 வகைகள் பொக்காளி உயரம், 8 வகைகள் ஐ.ஆர். 29 உயரம், 5 வகைகள் வேறு. ஆர்.எம். 3412-இல் 9 பொக்காளி, 10 ஐ.ஆர். 29, ஒன்றில் பேண்ட் வரவில்லை. ஆர்.எம். 10745-இல் 6 பொக்காளி, 14 ஐ.ஆர். 29. மூன்று மார்க்கரிலும் பொக்காளி உயரம் வந்தவை 4 வகைகள்: எண் 3, 8, 11, 17.

இதே வகைகளை நாற்றுப் பருவத்தில் உப்பு நீரிலும் வளர்த்தாயிற்று. தெர்மாகோல் மிதவையில் வலை கட்டி, முளைத்த விதையை வைத்து, யோஷிடா சத்துக் கரைசலில் உப்பைக் கலந்து மின்கடத்துதிறனை மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸ் வரை கொண்டுபோவதுதான் வழக்கமான முறை. 12-க்கு ஒரேயடியாகத் தாவாமல், முதலில் 6-இல் மூன்று நாள் வைத்துப் பிறகு ஏற்றுவார்கள். கரைசலின் அமிலத்தன்மையைத் தினமும் 5-க்குத் திருத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனாலும் இலை மஞ்சளடித்து, உப்பால் வந்ததா இரும்புக் குறையால் வந்ததா என்று குழம்ப வேண்டியிருக்கும். பிறகு 1, 3, 5, 7, 9 என்று மதிப்பெண். 3 என்றால் வளர்ச்சி கிட்டத்தட்ட வழக்கம்போல, இலை நுனி மட்டும் வெளுத்துச் சுருண்டிருக்கும். 7 என்றால் வளர்ச்சி நின்று பெரும்பாலான இலைகள் காய்ந்திருக்கும். 9 என்றால் செத்துவிட்டது, அல்லது சாகக் கிடக்கிறது.

நம் கணக்கில் ஐ.ஆர். 29-க்கு 9, பொக்காளிக்கும் எஃப்.எல். 478-க்கும் 3. மூன்று மார்க்கரிலும் ஒத்துப்போன நான்கில், எண் 3-க்கும் 8-க்கும் 3, எண் 11-க்கு 5, எண் 17-க்கு 7. மற்ற 16 வகைகளில் எண் 14 மட்டும் 3 வாங்கியது. இரண்டு வகைகள் 5. மீதி 13-ம் 7 அல்லது 9. எண் 14-இல் மூன்று மார்க்கரும் ஐ.ஆர். 29 உயரம்.

இங்கே இரண்டு வகைகள் உங்களை உறுத்த வேண்டும். எண் 17-இல் பேண்ட் எல்லாம் பொக்காளி மாதிரி, நாற்றோ காய்ந்துவிட்டது. எண் 14-இல் பேண்ட் எதுவும் பொக்காளி மாதிரி இல்லை, நாற்று நிற்கிறது. பல மாணவர்கள் இந்த இரண்டையும் சுருக்கத்தில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், "கதை கெட்டுப்போகிறது" என்று. எனக்குக் கேட்டால் இந்தப் போஸ்டரில் படிக்க வேண்டிய விஷயமே இந்த இரண்டும்தான். எண் 17 மார்க்கர் ஒப்புமையை மட்டும் நம்பித் தேர்வு செய்யக் கூடாது என்று காட்டுகிறது. எண் 14 சால்ட்டால் அல்லாத வேறு வழியில் உப்பைச் சமாளிக்கிறதோ என்று கேட்க வைக்கிறது. நெல்லில் உப்புத் தாங்கலுக்குப் பல வழிகள் உண்டு. அந்த வகை அடுத்த ஆண்டு ஆய்வுக்கு ஒரு தலைப்பாகவே ஆகலாம்.

உப்பு நீர்ச் சோதனையே செய்யவில்லை என்றால் என்ன செய்வது? சுருக்கம் எழுதலாம், தவறில்லை. "தாங்கும்" என்ற சொல் மட்டும் அதில் வரக் கூடாது. "நாற்றுப் பருவச் சோதனைக்கு முன்னுரிமை தர வேண்டிய 4 வகைகள்" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவு, திருத்திய வரைவு

கருத்தரங்குகள் பெரும்பாலும் 250, 300 சொற்களுக்குள் கேட்கும், அதுவும் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்த மொழியிலும் எழுதிவிடலாம் என்பதால் இங்கே தமிழில் காட்டுகிறேன்.

முதல் வரைவு வழக்கமாக இப்படித்தான் வரும்:

> உலக மக்களின் முக்கிய உணவு நெல். உவர்த்தன்மை நெல் விளைச்சலைப் பெரிதும் பாதிக்கிறது. பருவநிலை மாற்றத்தால் கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. எனவே உப்புத் தாங்கும் வகைகளை உருவாக்குவது காலத்தின் கட்டாயம். இந்த ஆய்வில் 20 வகைகள் மூலக்கூறு மார்க்கர் மூலம் ஆராயப்பட்டன. சிடிஏபி முறையில் டி.என்.ஏ. எடுக்கப்பட்டு, 94 டிகிரியில் 5 நிமிடம்... 7 வகைகளில் (35%) உப்புத் தாங்கும் மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. இவற்றை உவர் நிலங்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

இதில் முதல் நான்கு வாக்கியங்களை எடுத்துவிட்டால் எதுவும் குறையாது. நெல்லைப் பற்றிய கருத்தரங்கில் நெல் முக்கிய உணவு என்று சொல்ல வேண்டியதில்லை. பிசிஆர் வெப்பநிலைகள் போஸ்டரிலேயே கூடத் தேவையில்லை, சுருக்கத்தில் கேட்கவே வேண்டாம். 7 என்பது ஒரு மார்க்கரின் எண். எந்த மார்க்கர் என்று சொல்லவில்லை, ஒப்பீட்டு வகைகளையும் சொல்லவில்லை. கடைசி வாக்கியம்தான் மோசம். ஜெல்லைப் பார்த்து வயலுக்குப் பரிந்துரை செய்திருக்கிறது. சால்ட்டால் நாற்றுப் பருவத்துக்கானது. பூக்கும் பருவத்தில் உப்பைத் தாங்குவது வேறு மரபணுக்களின் வேலை. நாற்றில் தேறியது கதிரில் பதராகப் போகலாம்.

திருத்தும்போது நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். என்ன முடிவுக்கு வந்தோம் என்ற வாக்கியத்தை முதலில் எழுதி, அதற்கு எந்த எண்கள் தேவை என்று பார்த்து அவற்றை மட்டும் அதன் மேலே வைத்து, அந்த எண்களைப் புரிந்துகொள்ளத் தேவையான முறையை அதற்கும் மேலே வைப்பேன். முன்னுரைக்கு இரண்டு வாக்கியம் மிஞ்சும். அது போதும்.

> முதலாம் குரோமோசோமில் உள்ள சால்ட்டால் பகுதி, பொக்காளி வழிவந்த நெல்லில் நாற்றுப் பருவ உப்புத் தாங்கலோடு தொடர்புடையது. பொக்காளியோடு உறவறியாத நாட்டு வகைகளில் இப்பகுதிக்கான மார்க்கர்கள் தாங்கலை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்று ஆராய்ந்தோம். 20 நாட்டு வகைகளை, பொக்காளி, எஃப்.எல். 478, ஐ.ஆர். 29 ஆகிய ஒப்பீட்டு வகைகளுடன், ஆர்.எம். 8094, ஆர்.எம். 3412, ஆர்.எம். 10745 மார்க்கர்கள் கொண்டும், மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸ் மின்கடத்துதிறனுள்ள உப்புக் கரைசலில் நாற்றுப் பருவ மதிப்பெண் கொண்டும் ஒப்பிட்டோம். பொக்காளி அளவு பேண்ட் முறையே 7, 9, 6 வகைகளில் வந்தது; மூன்றிலும் சேர்ந்து வந்தவை 4. இந்நான்கில் 2 வகைகள் மதிப்பெண் 3 பெற்றன. ஒன்று 5, ஒன்று 7. மூன்று மார்க்கரிலும் ஐ.ஆர். 29 அளவே காட்டிய ஒரு வகை மதிப்பெண் 3 பெற்றது. மூன்று மார்க்கர்களும் ஒத்துப்போவது தாங்கும் வகைகளைக் குறுக்கித் தேட உதவினாலும், நாட்டு வகைகளில் அதை மட்டும் கொண்டு தேர்வு செய்ய இயலாது. மார்க்கர் ஒப்புமை இன்றித் தாங்கிய வகையில் சோடியம்–பொட்டாசியம் விகிதம் அளக்கப்பட வேண்டும்.

வாசித்துப் பாருங்கள், "மரபணு உள்ளது" என்ற தொடர் எங்கும் இல்லை. "பொக்காளி அளவு பேண்ட்", "ஒப்புமை", "மதிப்பெண் 3" என்று பார்த்ததை மட்டும் சொல்கிறது. சதவீதத்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இருபதில் ஏழை 35 சதவீதம் என்று எழுதினால், பெரிய மாதிரியை ஆராய்ந்தது போன்ற தோற்றம் வரும்.

இன்னொன்று. சால்ட்டால் "43 சதவீத வேறுபாட்டுக்குக் காரணம்" என்ற வரியைப் பல சுருக்கங்களில் பார்ப்பீர்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வில், ஐ.ஆர். 29–பொக்காளி சந்ததிகளில், தண்டு இலையின் சோடியம்–பொட்டாசியம் விகிதத்துக்குச் சொன்ன எண் அது. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் உரியது. உங்கள் நாட்டு வகைகளின் முன்னுரையில் பொதுவான உண்மைபோல அதைத் தூக்கி வைக்காதீர்கள்.

உவரா, களரா?

இது நம் ஊர்க்காரர்களுக்காக மட்டும். உவர் நிலம் என்றால் கரையும் உப்புகள் அதிகம். களர் நிலம் என்றால் மண்ணோடு ஒட்டிய சோடியம் அதிகம், காரத்தன்மையும் அதிகம், தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கும். திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். வரிசை ரகங்கள் களருக்காகத் தேர்ந்தெடுத்தவை. களர்ப்பாலை என்ற நாட்டு வகைக்குப் பெயரிலேயே களர் இருக்கிறது. சாதாரண உப்பைக் கரைத்த நீரில் நாற்றைச் சோதித்துவிட்டு, முடிவில் "களர் நிலத்துக்கு ஏற்றது" என்று எழுதும் தவறு தமிழ்நாட்டுச் சுருக்கங்களில் அடிக்கடி வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இரண்டு நிலத்துக்கும் வேறு வேறு சொல் உண்டு, அதையும் மாற்றிப் போடுவார்கள். நீங்கள் சோதித்தது உவர். அதையே எழுதுங்கள்.

தலைப்பும் படமும்

தலைப்பில் பயிர், என்ன ஒப்பிட்டீர்கள், எந்தப் பருவம் என்ற மூன்றும் இருந்தால் போதும். "நாட்டு நெல் வகைகளில் சால்ட்டால் மார்க்கர் ஒப்புமையும் நாற்றுப் பருவ உப்புத் தாங்கலும்" என்பது போல. "அடையாளம் காணல்" என்ற சொல்லை நான் தலைப்பில் தவிர்ப்பேன். மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டும். சால்ட்டால் என்ற பெயரை ஆங்கிலச் சுருக்கத்தில் சாய்வெழுத்தில் போட மறக்காதீர்கள்.

மூன்று மார்க்கரை வைத்து மரக்கிளை வரைபடம் போட்டு "மரபு வேறுபாடு" என்று ஒரு பகுதி சேர்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். மென்பொருளில் இரண்டு சொடுக்கில் வந்துவிடும் என்பதால் எல்லோரும் போடுகிறார்கள். மூன்றும் ஒரே குரோமோசோமின் ஒரே மூலையில் இருப்பவை. வகைகளின் உறவைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. அந்த இடத்தில் மார்க்கர் அமைப்பையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். போஸ்டர் முன் நிற்பவர் எண் 14-ஐயும் 17-ஐயும் தானே கண்டுபிடித்துக் கேள்வி கேட்பார்.

ஜெல் படத்தில் ஒவ்வொரு லேனுக்கும் மேலே எண், ஏணி எது, பொக்காளி எது, ஐ.ஆர். 29 எது என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு ஜெல்லை வெட்டி ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். வெட்டாத முழுப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் 11-ஆம் லேனில் கீழே மங்கலாகத் தெரிவது என்ன என்று கேட்பார்.